ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம்? தொப்பை போடாமல் தசை ஏற்ற நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு

எடை தூக்கிப் பயிற்சி செய்யத் தொடங்கியிருக்கும் ஒருவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.4 முதல் 1.6 கிராம் புரதம் தினமும் கிடைத்தால் போதும். 68 கிலோ இருப்பவர் என்றால் ஏறக்குறைய 95 முதல் 109 கிராம். 100 என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்குச் சுலபம். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே பெருக்கல்தான்.

ஜிம்மில் உங்களுக்குச் சொல்லப்போகும் எண் அநேகமாக இதைவிடப் பெரியதாக இருக்கும். "கிலோவுக்கு ரெண்டு கிராம் போடு தம்பி" என்பார் மாஸ்டர். பக்கத்தில் டம்பெல் தூக்குபவர் இரண்டரை என்பார். இந்தப் பெரிய எண்கள் வருவதற்கு ஒரு காரணம் அமெரிக்க பாடிபில்டிங் உலகில் ஓடிய "பவுண்டுக்கு ஒரு கிராம்" என்ற பழைய சொல்வழக்கு. ஒரு பவுண்டு என்பது 0.45 கிலோ. அந்த விதியைக் கிலோவுக்கு மாற்றினால் 2.2 கிராம் வரும். பெரிய தசையோடு, போட்டிக்காக உடம்பை வற்றவைக்கிற ஆளுக்கு அந்த அளவு பொருந்தலாம். முதல் மாதம் ஸ்குவாட் பழகுகிறவருக்கு அது தேவையில்லை.

1.6 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை யாராவது வேறு எண் சொல்லும்போது தடுமாற மாட்டீர்கள். 2018இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று செய்தது. எடைப் பயிற்சியோடு கூடுதல் புரதம் கொடுத்துப் பார்த்த 49 ஆய்வுகளை, மொத்தம் 1,863 பேரின் விவரங்களோடு, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். புரதம் கூடக்கூடத் தசை கூடுவது கிலோவுக்கு 1.6 கிராம் வரை தெரிந்தது. அதற்கு மேல் கோடு படுத்துவிட்டது. சிலருக்கு 2.2 வரைகூடப் பயன் இருக்கலாம் என்ற சந்தேக எல்லையையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். "ரெண்டு கிராம்" ஆட்கள் பிடித்துக்கொண்டது அந்த எல்லையைத்தான்.

அதே தொகுப்பில் அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. கூடுதல் புரதம் சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிடாதவர்களைவிடக் கிடைத்த அதிகப்படிச் சதை சராசரியாக 0.3 கிலோதான். தசை வளர்ந்ததில் பெரும்பங்கு பயிற்சியால் வந்தது. இதைப் படித்துவிட்டு "அப்போ புரதமே வேண்டாம்போல" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் தொடக்கத்திலேயே சராசரியாகக் கிலோவுக்கு 1.4 கிராம் அளவுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். நிறைந்த தட்டின் மேல் இன்னும் கொஞ்சம் வைத்தார்கள், அதனால் பலன் சின்னதாக இருந்தது. நம் வீடுகளில் பலருடைய தட்டு அங்கே இல்லை. 0.7, 0.8 என்று கீழே நிற்கிறது. கீழே இருக்கிறவர்தான் ஏற ஏற அதிகம் பெறுவார்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை, சாதாரண ஆரோக்கியமான பெரியவருக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது. அது உடம்பு இருப்பதை இழக்காமல் நடமாடுவதற்கான அளவு, புதிதாகத் தசை கட்டுவதற்குப் போட்ட கணக்கு அல்ல. அதே நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் கூடுதல் பலன் இல்லை என்றும், தசைக்காகப் புரதப் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. ஆக, 0.83 தரை, 1.6 கூரை. புதியவர் நிற்க வேண்டியது கூரைக்குச் சற்றுக் கீழே.

முதலில், எந்த எடையைப் பெருக்குவது?

ஒல்லியாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் இப்போதைய எடையைப் பெருக்குங்கள், சிக்கலே இல்லை. நல்ல தொப்பை இருப்பவர்கள்தான் இங்கே தவறிவிடுகிறார்கள். 170 செ.மீ. உயரம், 92 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். 92ஐ 1.6ஆல் பெருக்கினால் 147 கிராம். அந்த 92இல் இருபது கிலோவுக்கும் மேல் கொழுப்பு இருக்கும். கொழுப்புக்குத் தசையைப் போலப் புரதம் தேவைப்படாது. அதனால் உயரத்திலிருந்து 100ஐக் கழித்து வரும் எண்ணை எடையாக எடுத்துக்கொள்ளுங்கள். 170 செ.மீ. என்றால் 70. அதை 1.6ஆல் பெருக்கினால் 112 கிராம், எட்டக்கூடிய எண். இது தோராயமான வழிதான், ஆனால் நடைமுறைக்கு நன்றாக உதவும்.

இப்படித் தொப்பையோடு தொடங்கி, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே எடை தூக்குபவர்களுக்கு மட்டும் 1.6க்குக் கீழே இறங்காமல் இருக்கச் சொல்வேன். முடிந்தால் 1.8, 2 என்று போகலாம். காரணம் உண்டு. 2016இல் அதே மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதிக எடையுள்ள இளைஞர்கள் 40 பேரை வைத்து நான்கு வாரம் பார்த்தார்கள். தேவையான கலோரியில் 40 சதவீதத்தைக் குறைத்து, கடுமையான பயிற்சியும் கொடுத்தார்கள். கிலோவுக்கு 1.2 கிராம் சாப்பிட்டவர்கள் தசையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். 2.4 கிராம் சாப்பிட்டவர்கள் 1.2 கிலோ சதையும் ஏற்றி, 4.8 கிலோ கொழுப்பையும் இழந்தார்கள். பட்டினி போடும்போது உடம்பு தசையையும் எரிக்கப் பார்க்கும். அப்போது புரதம் கூடுதலாக இருப்பது காவல். ஆனால் அது மேற்பார்வையில், அளந்து கொடுத்த சாப்பாட்டோடு நடந்த சோதனை. வீட்டில் நாமாக 40 சதவீதம் குறைத்தால் இரண்டாவது வாரமே பரோட்டாக் கடையில் நிற்போம்.

இப்போது சாப்பிடுவதை எண்ணிப் பாருங்கள்

ஒருவரை எடுத்துக்கொள்வோம். 24 வயது, 170 செ.மீ., 68 கிலோ. கோயம்புத்தூரில் வீட்டுச் சாப்பாடு, மேசை வேலை. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னே. வாரம் மூன்று நாள் ஜிம் போகத் தொடங்கியிருக்கிறார். நம்மூரில் ரொம்பச் சாதாரணமான உடல்வாகு இது. அவருடைய ஒரு நாளைப் பார்ப்போம்.

காலையில் நான்கு இட்லி, சாம்பார், சட்னி. இட்லி ஒன்றில் 2 கிராம் வீதம் 8 கிராம். சாம்பாரில் எவ்வளவு இருக்கும்? இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். துவரம் பருப்பில் நூறு கிராமுக்கு 22 கிராம் புரதம் இருப்பது உண்மை. ஆனால் நான்கு பேர் இருக்கும் வீட்டில் நூறு கிராம் பருப்பு போட்டு வைத்த சாம்பார் இரண்டு வேளைக்கு ஓடும். 22ஐ எட்டுப் பங்காக்கினால் ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 3 கிராம்கூட முழுசாக இல்லை. தாராளமாக 3 என்று வைத்து, சட்னிக்கு ஒன்று சேர்த்தால் காலைக் கணக்கு 12.

நாள் முழுக்க இரண்டு டீ. அதில் போகும் பால் மொத்தம் 150 மில்லி என்றால் 5 கிராம். மதியம் 150 கிராம் அரிசியை வடித்த சோறு, அதில் 10 அல்லது 11 கிராம். சாம்பார் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிக்கொண்டால் 4, பொரியல் 2, ஒரு கிண்ணம் தயிரில் 3. ரசத்துக்குப் பூஜ்யம் போடுங்கள், வருத்தம் வேண்டாம். மதியம் 20. மாலையில் இரண்டு உளுந்து வடை, 4. இரவு மூன்று தோசையும் சட்னியும், 10.

மொத்தம் 51 கிராம். அவர் எடைக்குக் கிலோவுக்கு 0.75. தரையைக்கூடத் தொடவில்லை. அவர் பசியோடு எழுந்திருக்கவும் இல்லை, வயிறு நிறையத்தான் சாப்பிட்டிருக்கிறார். எந்த வேளையிலும் தட்டில் தவறான பண்டம் ஒன்றும் இல்லை. அரிசி அதிகம், பருப்பும் முட்டையும் கறியும் குறைவு, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை நீங்கள் மூன்று நாள் போட்டால் போதும், வாழ்நாள் முழுக்க எடை போட்டுச் சாப்பிட வேண்டியதில்லை. அந்த மூன்றில் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஏனென்றால் அன்றைக்கு மட்டன் வரும், கணக்கு பொய்யாக ஏறும். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் நல்லது. எடையை எப்போதும் சமைக்கும் முன்பே பாருங்கள். நூறு கிராம் பச்சை அரிசியில் 7, 8 கிராம் புரதம் என்றால், நூறு கிராம் சோற்றில் இரண்டரைதான். மீதி தண்ணீர். கோழிக்கு இது தலைகீழ். எலும்பில்லாத பச்சைக் கறியில் நூறுக்கு 22 கிராம் இருக்கும். வெந்து தண்ணீர் வற்றிய பிறகு அதே நூறில் 30 வரை வரும். பச்சைக்கான எண்ணை வெந்ததற்கும், வெந்ததற்கான எண்ணைப் பச்சைக்கும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "நான் நூறு கிராம் சாப்பிடுறேன், ஒண்ணும் ஏறல" என்கிறார்கள்.

இடைவெளியை நிரப்புவது, மேலே கொட்டுவதல்ல

நம் ஆளுக்கு 51 இருக்கிறது, 100 வேண்டும். கிட்டத்தட்ட 50 கிராம் பற்றாக்குறை. இதை நிரப்ப இரண்டு வழி உண்டு. பழைய சாப்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு மேலே முட்டையும் கறியும் பவுடரும் சேர்ப்பது ஒன்று. அதில் தசை ஏறும், தொப்பையும் கூடவே ஏறும். புரதத்துக்கும் ஒரு கிராமுக்கு 4 கலோரி உண்டு, மாவுச்சத்துக்கு இருப்பது போலவே. "புரதம்தானே, கொழுப்பாகாது" என்று நினைத்துச் சாப்பிட்டால் இடுப்புப் பட்டி சொல்லிவிடும். அதனால் இரண்டாவது வழி: புரதம் உள்ளே வரும்போது அதே அளவுக்கு அரிசியும் எண்ணெயும் வெளியே போக வேண்டும்.

காலையில் நான்கு இட்லி மூன்றாகட்டும், மூன்று அவித்த முட்டை சேரட்டும். முட்டை ஒன்றுக்கு 6 கிராம் என்று 18. இட்லி, சாம்பார், சட்னியோடு காலைக் கணக்கு 28 ஆகிவிடும். மஞ்சள் கருவைத் தூக்கி எறியாதீர்கள். முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மஞ்சளில்தான் இருக்கிறது. கொலஸ்ட்ரால் ஏற்கெனவே அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் அது வேறு பேச்சு.

டீ அப்படியே இருக்கட்டும், 5. சர்க்கரையைக் குறைத்தால் நல்லது. மதியம் அரிசி 150 கிராமிலிருந்து 100 ஆகட்டும், அதாவது சோற்றில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அந்த இடத்தில் மீல் மேக்கர் பொரியலோ கிரேவியோ வரட்டும், காய்ந்த எடையில் 30 கிராம். மீல் மேக்கரில் நூறுக்கு 52 கிராம் புரதம், ஆக இதில் 15. ஊறினால் எடை இரண்டு மூன்று மடங்காகிவிடும், அதனால் ஊறப்போடும் முன்பே எடை பார்த்துவிடுங்கள். தயிரையும் 150 கிராமாக ஏற்றினால் மதியம் 33.

மாலை வடைக்குப் பதில் சுண்டல். 40 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்தால் ஒரு நல்ல கிண்ணம் வரும், 8 கிராம். இரவு இரண்டு தோசை, 120 கிராம் எலும்பில்லாத கோழியில் செய்த வறுவலோ குழம்போ. தோசையும் சட்னியும் 6, கோழி 25 போல. எலும்போடு வாங்கினால் மூன்றில் ஒரு பங்கை எலும்புக்குக் கழித்துவிடுங்கள். மீன் கிடைக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு மத்தி நல்ல மாற்று. புரதம் கோழியைவிடச் சற்றுக் குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு.

கூட்டினால் 105 கிராம். கலோரிப் பக்கம் என்ன ஆனது? ஒரு இட்லி, 50 கிராம் அரிசி, இரண்டு வடை, ஒரு தோசை வெளியே போனதில் 550 கலோரி போலக் குறைந்தது. உள்ளே வந்த முட்டை, மீல் மேக்கர், கடலை, கோழி, தயிர் எல்லாம் சேர்ந்து 630 போல. கிட்டத்தட்டச் சமம். அதே சாப்பாட்டு அளவு, அதே கலோரி, புரதம் மட்டும் இரட்டிப்பு. அவருக்கு இதுதான் தேவை.

ஒரே நாளில் இப்படி மாறாதீர்கள். முதல் வாரம் முட்டை மட்டும். அடுத்த வாரம் சுண்டல். அதற்கு அடுத்த வாரம் மதிய மாற்றம். பருப்பும் கடலையும் திடீரென்று ஏறினால் வாயு பிடித்து வயிறு உப்பிக்கொள்ளும், அப்புறம் "எனக்குப் புரதம் ஒத்துக்கல" என்று மொத்தத்தையும் விட்டுவிடுவோம். கடலையை எட்டு மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் தொல்லை குறையும். காயைக் குறைத்துவிட்டுக் கறியை ஏற்றினால் மலச்சிக்கல் வரும். பொரியலில் கை வைக்காதீர்கள்.

நேரம் பற்றி அதிகம் கவலை வேண்டாம். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் குடித்தே ஆக வேண்டும் என்று ஜிம் வாசலில் பாட்டிலை ஆட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டட்டும். ஒரு நாளின் மொத்தம்தான் முதல் விஷயம். அந்த மொத்தம் மூன்று நான்கு வேளையாகப் பிரிந்து, வேளைக்கு 25 கிராம் அளவில் இருந்தால் நல்லது. மேலே சொன்ன சாப்பாட்டில் அது ஏறக்குறையத் தானாகவே அமைந்துவிடுகிறது.

முட்டையும் கறியும் தொடாதவர்களுக்கு

சைவத்தில் 100 கிராம் முடியாது என்பது உண்மையல்ல, ஆனால் யோசிக்காமல் முடியாது. அதே 68 கிலோ ஆளுக்கு ஒரு நாள் இப்படி அமையலாம். காலையில் 60 கிராம் பச்சைப்பயறை அரைத்த பெசரட்டு (14), சாம்பார் (3), ஒரு பெரிய டம்ளர் பால் (8). இரண்டு டீ (5). மதியம் குறைத்த சோறு, சாம்பார், பொரியல், 150 கிராம் தயிர், கூடவே 40 கிராம் மீல் மேக்கர், எல்லாம் சேர்த்து 38. மாலை சுண்டல் 8. இரவு இரண்டு தோசை, சட்னி, 100 கிராம் பனீர், 24. கூட்டினால் 100.

பனீரில் ஒரு எச்சரிக்கை. நூறு கிராமில் 18 கிராம் புரதம் இருக்கிறது, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கொழுப்பும் இருக்கிறது. அதை எண்ணெயிலும் பொரித்தால் கணக்கு கைவிட்டுப் போகும். தோசைக்கல்லில் வாட்டினால் போதும்.

தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் ஒரே நாளில் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று சரிக்கட்டும். இட்லியிலும் பருப்புச் சாதத்திலும் நம் பாட்டிகள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். இருந்தாலும் தாவரப் புரதம் பாலையும் முட்டையையும் போல முழுதாகச் செரித்து உடம்பில் சேர்வதில்லை. அதனால் சைவர்கள் 1.4ஐ விட 1.6 பக்கமே நிற்பது நல்லது. மீல் மேக்கர் சாப்பிட்டால் ஆண்மை ஹார்மோன் குறையும் என்ற பயம் ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. 30, 40 கிராமுக்கெல்லாம் அஞ்ச வேண்டாம்.

புரதம் என்று நம்பி ஏமாறும் பண்டங்கள் சில உண்டு. காளானில் பெரும்பகுதி தண்ணீர், நூறு கிராமில் 3 கிராம் புரதம்தான். கேழ்வரகில் கால்சியம் ஏராளம், புரதம் அரிசி அளவுதான். ஐந்து பாதாமில் ஒரு கிராம் சொச்சம். வேர்க்கடலையில் நூறுக்கு 25 கிராம் இருப்பது உண்மை, ஆனால் அதற்கு 560 கலோரி விலை. அதே 25 கிராமைத் தோலில்லாத கோழியில் எடுத்தால் 150 கலோரிக்குள் முடிந்துவிடும். தொப்பை வேண்டாம் என்பவர் வேர்க்கடலையை நொறுக்குத் தீனியாக வைத்துக்கொள்ளட்டும், புரத மூலமாக நம்ப வேண்டாம்.

பவுடர் வாங்கலாமா?

மேலே சொன்ன சாப்பாடு அமைந்தால் தேவையில்லை. விடுதியில் தங்கி மெஸ் சாப்பாடு சாப்பிடுபவர், காலையில் சமைக்க ஆளில்லாதவர் போன்றோருக்கு ஒரு ஸ்கூப் வே ப்ரோட்டீன் வசதிதான். அது பாலிலிருந்து பிரித்த புரதம், மருந்தும் இல்லை, விஷமும் இல்லை. வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்.

டப்பாவின் பின்பக்கம் நூறு கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று பாருங்கள். வே என்றால் 70க்கு மேல் இருக்க வேண்டும். 15, 20 என்று இருந்தால் அது மாஸ் கெயினர், பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து. ஒல்லியாக இருப்பவருக்கு முதலில் இதைத்தான் தலையில் கட்டுவார்கள். எடை ஏறும், ஏறுவது எங்கே என்று கண்ணாடி காட்டும். அடுத்தது விலைக் கணக்கு. விலையை டப்பாவின் விலையாகப் பார்க்காமல் ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு முட்டை ஏழு ரூபாய் என்றால் கிராமுக்கு ஒரு ரூபாய் சொச்சம். ஒரு கிலோ டப்பா 2,400 ரூபாய், அதில் 800 கிராம் புரதம் என்றால் கிராமுக்கு மூன்று ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஜிம்மிலேயே விற்கும் லேபிள் இல்லாத "லூஸ்" பவுடரை இலவசமாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம்.

யார் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது

ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த அளவுப் புரதம் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு இது கூடுதல் சுமை. பிரச்சினை என்னவென்றால், பழுதானது பலருக்குத் தெரியாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கல், வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய் என்று எது இருந்தாலும், புரதத்தை ஏற்றும் முன் ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிடுங்கள். எந்தச் சிறிய லேபிலும் செய்வார்கள். யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் வீங்கியவர்கள் மத்தி, ஈரல் பக்கம் போகாமல் முட்டை, பால், தயிரோடு நிற்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு.

சரியாகப் போகிறதா என்று நாடாவிடம் கேளுங்கள்

எடை இயந்திரம் மட்டும் போதாது. தையல் நாடா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், காலையில் கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் குடிக்கும் முன், தொப்புள் மட்டத்தில் வயிற்றை எக்காமல் அளந்து எழுதுங்கள். எடையைத் தினமும் பார்த்து வாரச் சராசரி போடுங்கள், ஒரு நாள் எண்ணை நம்பாதீர்கள். இரவு பிரியாணி சாப்பிட்டால் உப்பு பிடித்துவைக்கும் தண்ணீரே ஒரு கிலோ காட்டும். பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு வாரம் தசைக்குள் தண்ணீர் சேர்ந்தும் எடை சற்று ஏறும். அதற்குப் பயந்து சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம்.

நான்கு வாரம் கழித்துப் பாருங்கள். வயிற்றளவு மாறாமல் எடை அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை ஏறியிருந்தால் எல்லாம் சரி. பெண்களுக்கு அதில் பாதி ஏறினாலே நல்ல வேகம். எடை மாறாமல் வயிற்றளவு குறைந்திருந்தால் அது அதைவிட நல்லது. குறிப்பாகப் புதிதாகத் தொடங்கியவர்களுக்குக் கொழுப்பு குறைவதும் தசை ஏறுவதும் ஒரே சமயத்தில் நடக்கும், சில மாதங்களுக்கு. வயிறு இரண்டு செ.மீ. கூடியிருந்தால் புரதத்தைத் தொடாதீர்கள். மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள், அல்லது இரவுத் தோசையில் ஒன்று. எடை இறங்கி, தூக்கும் பளுவும் இறங்கினால் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம். அப்போது சோறுதான் கூட வேண்டும்.

இன்னொரு நோட்டு ஜிம் பையில் இருக்கட்டும். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோ, இவற்றில் எத்தனை கிலோ, எத்தனை முறை என்று ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். எட்டு வாரமாகப் புரதம் 100 கிராம் ஒழுங்காகப் போகிறது, ஆனால் நோட்டில் முதல் வாரம் தூக்கிய 30 கிலோவே இன்னும் 30 கிலோவாக நிற்கிறது என்றால், கோளாறு சாப்பாட்டில் இல்லை. 100ஐ 140 ஆக்கினால் அந்த 30 நகராது. அடுத்த முறை 32.5 போடுங்கள், அல்லது அதே 30இல் இரண்டு முறை கூடுதலாகத் தூக்குங்கள். அதுவும் முடியவில்லை என்றால் இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்பதையும் அதே நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.